மறந்துபோன கேமராவும் பிரிண்டரும்: தேடிப் பிடிப்பதும் தனியே பிரிப்பதும்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் அறுபது சாதனங்களுக்கு மேல் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. முன்பு இருந்தவர்கள் மாட்டிவிட்டுப் போன கேமராக்களும் பிரிண்டர்களும் எங்கெங்கே, என்ன பாஸ்வேர்டோடு கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா, தனி வீலேனில் போட்டே ஆகவேண்டுமா?

பதில்:

இரண்டும் வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு செய்யும் வரிசைக்கு அதுதான் அடிப்படை.

2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் வந்தபோது அதன் கையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 62 யூசர்நேம்-பாஸ்வேர்ட் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டெல்நெட் போர்ட்டை (23, 2323) தட்டித் தட்டிப் பார்த்தது. அப்படியே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அந்தப் பட்டியலில் `root` / `xc3511` என்று ஒரு ஜோடி உண்டு. அது சில கேமரா, டிவிஆர் போர்டுகளின் ஃபெர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. சொந்தக்காரர் பிரவுசரில் உள்ளே போய் `admin` பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக மாற்றினாலும், டெல்நெட் பக்கம் பழைய சாவியிலேயே திறந்துகொண்டது. ஆக, பாஸ்வேர்ட் மாற்றுவது நம் கண்ணுக்குத் தெரிகிற கதவை மட்டும் பூட்டுகிறது. தெரியாத கதவுக்குத்தான் தனி நெட்வொர்க், அதாவது அதே ஸ்விட்சுக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைக்கும் வீலேன்.

சரி, தனியே பிரித்துவிட்டோம், பாஸ்வேர்ட் பழையதே இருக்கட்டும் என்றால்? பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவதற்காக உங்கள் மெயில் கணக்கின் பாஸ்வேர்ட் அதற்குள் இருக்கும். அட்மின் பக்கத்தில் அது புள்ளிகளாகத்தான் தெரியும். ஆனால் அட்மினாக உள்ளே வந்த ஒருவர் மெயில் சர்வர் முகவரியை மட்டும் தன் கணினியின் முகவரியாக மாற்றிவிட்டு "டெஸ்ட்" பட்டனை அழுத்தினால், பல மாடல்களில் பிரிண்டர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். பிரிண்டரின் பக்கத்தைத் திறக்கப் போதுமான அனுமதி உள்ள எந்தக் கணினியிலிருந்தும் இதைச் செய்யலாம். அதனால் பாஸ்வேர்டையும் விட முடியாது.

இனி தேடுவது. திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகத்தில் நான் செய்ததை வைத்தே சொல்கிறேன். இரண்டு மாடி, 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் இரண்டு, ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், எல்லாமே `192.168.0.0/24`-இல். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் எல்லாரும் செய்வது ஸ்கேன்தான்:

```
sudo nmap -sn 192.168.0.0/24
sudo nmap -p 23,80,443,515,554,631,8000,9100,37777 --open 192.168.0.0/24
```

முதல் வரி யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லும். அதே நெட்வொர்க்கில் இருந்துகொண்டு `sudo`வோடு ஓட்டினால் ஒவ்வொன்றின் மேக் முகவரியும், தெரிந்தவரை தயாரிப்பாளர் பெயரும் கூடவே வரும். இரண்டாவது வரியில் 554 திறந்திருந்தால் அநேகமாகக் கேமரா அல்லது கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆர். 8000 ஹிக்விஷனிலும் 37777 தாஹுவாவிலும் வழக்கமாகக் காணப்படுபவை. 9100, 515, 631 பிரிண்டர். 23 திறந்திருந்தால் எதுவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். 9100-க்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் போர்ட்டில் எது போய் விழுந்தாலும் பிரிண்டர் அதை அச்சடிக்கப் பார்க்கும். `nmap -sV` இதனால்தான் 9100 முதல் 9107 வரை தானாகவே தவிர்த்துவிடுகிறது. `--allports` சேர்த்து அந்தத் தடையை எடுத்துவிடாதீர்கள், தட்டில் இருக்கிற காகிதம் முழுக்கக் குப்பை எழுத்தாக வெளியே வரும்.

அந்த அலுவலகத்தில் ஸ்கேன் 60 சாதனங்களைக் காட்டியது. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்கேன் என்பது நீங்கள் கூப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் வருகிற பதில். `192.168.0` வரிசையில் இல்லாத ஒன்று, அதே கேபிளில் உட்கார்ந்திருந்தாலும் பதில் சொல்லாது. மறந்துபோன கேமரா பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் யாரும் அதற்கு ஐபி மாற்றியிருக்க மாட்டார்கள். ஹிக்விஷன் கேமரா பெட்டியிலிருந்து வரும்போது `192.168.1.64`, தாஹுவா `192.168.1.108`. மாட்டியவர் அதைத் தொடாமல் போயிருந்தால் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

ஆகவே உண்மையான கணக்கு ஸ்விட்சின் மேக் டேபிளில் இருக்கிறது. எந்த ஐபி வைத்திருந்தாலும், ஒரு ஃபிரேம் அனுப்பிவிட்டால் ஸ்விட்சுக்கு அதன் மேக் முகவரியும் போர்ட் எண்ணும் தெரிந்துவிடும். ஒரே ஒரு சிக்கல், பல ஸ்விட்சுகளில் 300 விநாடி பேச்சு இல்லை என்றால் அந்த வரி அழிந்துவிடும். தூங்குகிற பிரிண்டர் அப்படித்தான் கணக்கிலிருந்து நழுவும். நான் ஒரு வேலைநாளில் காலை, மதியம், மாலை மூன்று முறை டேபிளை எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். 63 வந்தது. ஸ்கேனைவிட மூன்று அதிகம்.

அந்த மூன்றும் யார் என்று பார்க்க லேப்டாப்பைச் செருகி இதை ஓடவிட்டேன்:

```
sudo tcpdump -eni eth0 arp
```

கொஞ்ச நேரம் அலுவலகக் கணினிகளின் பேச்சுதான் ஓடியது. அப்புறம் இந்த வரி வந்தது:

```
Request who-has 192.168.1.1 tell 192.168.1.64, length 46
```

இந்த நெட்வொர்க்கில் `192.168.1.1` என்று யாருமே இல்லை. ஒரு கேமரா தன் பழைய கேட்வேயைத் தேடி, வராத பதிலுக்காகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த ஐபி யாருடையது என்று கேட்கிற ஆர்ப் கேள்வி எல்லாப் போர்ட்டுக்கும் போவதால் நமக்கும் கேட்கிறது. `-e` போட்டிருந்ததால் அனுப்பியவரின் மேக் முகவரியும் தெரிந்தது. கவனித்தால் அதே `.64` பெயரில் இரண்டு வேறு மேக் முகவரிகள். இரண்டு கேமராக்கள் ஒரே ஐபியில். மூன்றாவது `.108`. மூன்றையும், கேபிளிலேயே மின்சாரமும் தருகிற பி.ஓ.இ போர்ட்டின் எண்ணை வைத்துக் கேபிள் வழியே தேடிப் போனோம். இரண்டு, குடோனின் பொய்க்கூரைக்கு மேலே, முன்பு மாதிரிக்கு மாட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனவை. மூன்றாவது மாடிப்படி வளைவில். பார்வைக்கு எல்லாரும் பார்த்த கேமராதான், ஆனால் என்விஆரில் அது இல்லவே இல்லை.

இப்படிப்பட்ட கேமராவுக்குள் போக லேப்டாப்புக்கு `192.168.1.200` என்று இரண்டாவது ஐபி கொடுத்தால் போதும். இரண்டு கேமரா ஒரே ஐபியில் இருந்தால் ஒன்றின் போர்ட்டை ஸ்விட்சில் அணைத்துவிட்டு மற்றதைத் திறக்கவேண்டும். இல்லையென்றால் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாது.

63 மேக் முகவரிகளையும் ஆட்கள் சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டபோது 52-க்குத்தான் கணக்கு இருந்தது. மீதி 11: கேமரா 5, பிரிண்டர் 3, கைரேகை வருகைப்பதிவு இயந்திரம் 1, யாரோ வைத்த சின்ன வைஃபை பெட்டிகள் 2. பிரிண்டர்களில் ஒன்று பேக்கிங் பிரிவின் லேபிள் பிரிண்டர். அதைப் பிரிண்டர் என்று யாரும் நினைக்கவே இல்லை, "ஸ்டிக்கர் மிஷின்" என்றுதான் சொன்னார்கள். கேட்கும்போது அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெயரில் கேளுங்கள்.

டேபிளில் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு ஸ்விட்சுகளையும் ரவுட்டரையும் இணைக்கிற போர்ட்டுகளைத் தவிர, ஒரு போர்ட்டுக்குப் பொதுவாக ஒரு மேக் முகவரிதான் இருக்கவேண்டும். எங்கள் 14-ஆம் போர்ட்டில் ஐந்து இருந்தன. போய்ப் பார்த்தால் பேக்கிங் மேசைக்கு அடியில், நூல்தூசி படிந்து, ஒரு 5 போர்ட் சாதா ஸ்விட்சோடு மற்றொன்றைக் கோத்திருந்தார்கள். அதில் இரண்டு கணினி, அந்த லேபிள் பிரிண்டர், ஒரு கேமரா, வருகைப்பதிவு இயந்திரம். இது பிரிக்கும்போது பெரிய முட்டுக்கட்டை. ஸ்விட்சில் 14-ஆம் போர்ட்டை வேறு வீலேனுக்கு மாற்றினால் ஐந்தும் சேர்ந்தே போகும். அங்கே வீலேன் தெரிந்த ஒரு சின்ன ஸ்விட்சை வைக்கவேண்டும், அல்லது கேமராவுக்குத் தனிக் கேபிள் இழுக்கவேண்டும். நாங்கள் ஸ்விட்சை மாற்றினோம்.

பாஸ்வேர்ட் சோதனை. இதைக் கையாலேயே செய்யுங்கள். அந்த மாடலின் கையேட்டில் போட்டிருக்கும் ஆரம்பப் பாஸ்வேர்டை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். பழைய ஹிக்விஷனில் `admin` / `12345`. 2015-க்குப் பிந்தைய ஃபெர்ம்வேரில் ஆரம்பப் பாஸ்வேர்டே கிடையாது, முதலில் திறப்பவர்தான் வைக்கவேண்டும். அதாவது யாரும் திறக்காமல் விட்ட கேமராவுக்கு முதலில் வருகிற எவரும் உரிமையாளர் ஆகிவிடலாம். பல பிரிண்டர்களில் அட்மின் பாஸ்வேர்ட் காலியாகவே வருகிறது. தானாக நூறு பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கிற கருவிகளைத் தவிருங்கள். ஐந்தாறு தப்புக்கே பல கேமராக்கள் அரைமணி நேரம்வரை பூட்டிக்கொள்ளும், என்விஆரும் அதே கணக்கில் உள்ளே போகிறது என்றால் சில மாடல்களில் ரெக்கார்டிங்கும் நிற்கும்.

புதுப் பாஸ்வேர்ட் வைக்கும்போது `@`, `:`, `/` மூன்றையும் தவிருங்கள். கேமராப் படத்தை எடுக்கிற முகவரி `rtsp://user:password@ip/` என்ற வடிவில் இருப்பதால் இந்த எழுத்துகள் வந்தால் சில என்விஆர்கள் குழம்பிவிடும். நீளத்துக்கும் பழைய மாடல்களில் 16 எழுத்து என்ற வரம்பு உண்டு. அதே கையோடு டெல்நெட்டையும், ரவுட்டரில் தானாகப் போர்ட் திறக்கவைக்கும் யூபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள். கேமராவில் மட்டும் அணைத்தால் போதாது, ரவுட்டரிலும் யூபிஎன்பியை அணைத்து, அதில் ஏற்கெனவே திறந்து கிடக்கும் போர்ட் ஃபார்வேர்டுகளைப் பார்த்து நீக்கவேண்டும். எங்கள் ரவுட்டரில் 8000 வெளியுலகுக்கு நேராகத் திறந்திருந்தது.

இனி பிரிப்பது. கேமராக்களுக்கு வீலேன் 30 (`192.168.30.0/24`), பிரிண்டர்களுக்கு வீலேன் 40 என்று வைத்தோம். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிற ஒன்று: வீலேன் உருவாக்கியதாலேயே எதுவும் பிரிந்துவிடாது. இரண்டுக்கும் ரவுட்டரில் முகவரி கொடுத்த நிமிடமே, ரவுட்டர் தன் இயல்பான வேலையைச் செய்து இரண்டுக்கும் நடுவே போக்குவரத்தை விட ஆரம்பித்துவிடும். பிரிப்பது ஃபயர்வால் விதிதான்.

ஆனால் அந்த இயல்பே மாற்றுகிற நாளில் கைகொடுக்கும். அதனால் தடுக்கும் விதிகளைக் கடைசியில் போடுங்கள். முதலில் எல்லாக் கேமராவிலும் கேட்வே சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராவில் அது காலியாக இருக்கும், ஒரே நெட்வொர்க்கில் இருந்தவரை யாருக்கும் அது தெரிந்திருக்காது. அடுத்து என்விஆரை வீலேன் 30-க்கு நகர்த்துங்கள். கேட்வே சரியாக இருந்தால் பழைய இடத்திலிருக்கும் கேமராக்களை அது ரவுட்டர் வழியாகவே தொடர்ந்து பார்க்கும். பிறகு கேமராக்களை ஒவ்வொன்றாக: கேமராவின் பக்கத்தில் புது ஐபியும் புது கேட்வேயும் எழுதிச் சேமியுங்கள், தொடர்பு அறுந்துபோகும், அப்புறம் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை 30-க்கு மாற்றுங்கள், என்விஆரில் புது ஐபியும் புதுப் பாஸ்வேர்டும் கொடுங்கள், படம் வந்ததும் அடுத்தது. வரிசை தவறிப் போர்ட்டை முதலில் மாற்றிவிட்டால் பயப்பட வேண்டாம். வீலேன் 30-இல் ஒரு போர்ட்டை லேப்டாப்புக்காகவே காலியாக வைத்திருந்தால், பழைய வரிசையில் ஒரு ஐபி போட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறேன்: கேமராக்கள் என்விஆரின் பின்பக்கப் பி.ஓ.இ போர்ட்டுகளிலேயே நேராகச் செருகியிருந்தால் அவை ஏற்கெனவே என்விஆருக்குள் தனி நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. அங்கே நகர்த்தவேண்டியது என்விஆர் ஒன்றை மட்டும்.

எல்லாப் படமும் வந்த பிறகு விதிகள். மைக்ரோடிக்கில் கேமராப் பக்கம் இவ்வளவுதான் (அலுவலகம் `vlan10`, என்விஆர் `192.168.30.5`):

```
/ip firewall filter
add chain=forward connection-state=established,related action=accept
add chain=forward in-interface=vlan10 dst-address=192.168.30.5 protocol=tcp dst-port=443,554,8000 action=accept
add chain=forward in-interface=vlan30 action=drop
add chain=forward out-interface=vlan30 action=drop
add chain=input in-interface=vlan30 protocol=udp dst-port=123 action=accept
add chain=input in-interface=vlan30 action=drop
```

அலுவலகம் என்விஆரைப் பார்க்கலாம், கேமராவைத் தொட முடியாது. கேமராக்கள் அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் தாமாக ஒரு சொல்லும் பேச முடியாது. விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும் என்பதால், ஏற்கெனவே இருக்கிற விதிகளுக்கு நடுவே எங்கே விழுகின்றன என்று பாருங்கள். 123 என்பது நேரம் கேட்கிற போர்ட். அதை மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. இணையம் அறுந்த கேமராவின் கடிகாரம் மெல்ல மெல்ல விலகும், பின்னாளில் ஒரு திருட்டு நடந்து காட்சியை எடுக்கும்போது நேரம் பொருந்தாமல் நிற்கும். ரவுட்டரில் என்டிபி சர்வரை இயக்கி, கேமராவிலும் என்விஆரிலும் `192.168.30.1` என்று எழுதிவிடுங்கள்.

அன்று மாலையே முதலாளியிடமிருந்து போன் வரும்: "தம்பி, மொபைல்ல கேமரா வரலையே." வராதுதான், ஏனென்றால் அந்த ஆப் என்விஆர் வெளியே தொடர்பு வைத்திருப்பதை நம்பித்தான் ஓடுகிறது. எனக்குப் பிடித்த வழி, அவர் மொபைலில் வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு அலுவலகத்துக்குள் வரவைத்து, `vlan10`-க்குக் கொடுத்த என்விஆர் அனுமதியை அந்த வழிக்கும் கொடுப்பது. அது அவருக்குச் சிரமம் என்றால் என்விஆர் ஒன்றுக்கு மட்டும் வெளியே போக அனுமதி கொடுங்கள், கேமராக்களுக்கு வேண்டாம். மறுபடி போர்ட் ஃபார்வேர்டு மட்டும் கூடாது.

பிரிண்டர்களுக்கும் இதே அமைப்புதான், போர்ட்டுகள் வேறு. அலுவலகத்திலிருந்து 9100, 631. அட்மின் பக்கமான 80-உம் 443-உம் உங்கள் ஒரு கணினிக்கு மட்டும். பிரிண்டரிலிருந்து வெளியே போவது, ஸ்கேன் மெயிலுக்காக மெயில் சர்வரின் 587, ஸ்கேன் ஃபோல்டர் இருந்தால் அந்த ஒரு சர்வரின் 445. மெயில் சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும், அதை ரவுட்டரிடம் கேட்க விடுங்கள்.

இங்கே வரும் புகார்கள் இரண்டு. ஒன்று, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்த பிரிண்டர்கள் காணாமல் போகும், ஐபோனிலும் பிரிண்டர் தெரியாது. அந்தத் தேடல் அறிவிப்புகள் வீலேனைத் தாண்டாது. விண்டோஸில் `Standard TCP/IP Port` போட்டுப் புது ஐபியைக் கொடுத்தால் தீரும். இரண்டாவது ரொம்பக் குழப்பும்: பிரிண்டரின் 9100 திறந்திருக்கிறது, ஆனால் விண்டோஸ் `Offline` என்கிறது. பில்லிங் பிரிவில் இதற்காக ஒரு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அந்தப் போர்ட்டின் அமைப்பில் `SNMP Status Enabled` என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸ் அதன்படி யுடிபி 161-இல் பிரிண்டரின் நலம் விசாரிக்கிறது, நம் ஃபயர்வால் அதைத் தடுக்கிறது, பதில் வராததால் பிரிண்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. டிக்கை எடுத்ததும் காத்திருந்த பில்லெல்லாம் வரிசையாக வந்தன.

முடிந்ததா என்று அலுவலகக் கணினியில் இருந்துகொண்டு சோதித்தால் பாதிதான் தெரியும். லேப்டாப்பை வீலேன் 30-இன் அந்தக் காலிப் போர்ட்டில் செருகி, `192.168.30` வரிசையில் ஒரு ஐபியும் கேட்வேயாக `192.168.30.1`-உம் கொடுங்கள், ஒரு கேமராவின் இடத்தில் உட்கார்ந்ததுபோல. அங்கிருந்து:

```
sudo nmap -Pn -F 192.168.0.0/24
sudo nmap -Pn -p- 192.168.30.1
ping 8.8.8.8
```

முதல் வரியில் ஒரு போர்ட்டும் திறந்திருக்கக்கூடாது. பிங் போகக்கூடாது. ரவுட்டரின் அட்மின் பக்கமும் தெரியக்கூடாது. ஸ்விட்சின் அட்மின் பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். சில விலைகுறைந்த ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் அது எந்த வீலேனிலிருந்தும் திறக்கும், அங்கே பாஸ்வேர்ட் பழையதாக இருந்தால் கட்டிய சுவர் முழுவதையும் ஒரு கிளிக்கில் எடுத்துவிடலாம். பேக்கிங் மேசைக்கு அடியில் நாங்கள் புதிதாக வைத்த ஸ்விட்சே அப்படித்தான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்றியதோடு, அதில் அட்மின் முகவரியை அலுவலகக் கணினிகளும் கேமராக்களும் பயன்படுத்தாத வேறு வரிசைக்கு மாற்றி வைத்தோம். அதே வீலேனுக்குள் ஒரு கேமரா இன்னொரு கேமராவைத் தொடுவதை ரவுட்டர் தடுக்க முடியாது, அந்தப் பேச்சு ரவுட்டர்வரை வருவதே இல்லை. ஸ்விட்சில் போர்ட் ஐசொலேஷன் வசதி இருந்தால் கேமராப் போர்ட்டுகள் என்விஆரோடும் ரவுட்டரோடும் மட்டும் பேசும்படி வைக்கலாம்.

கடைசியாக லேப்டாப்பை மூடிவிட்டு மொபைலில் வைஃபை பட்டியலைத் திறந்துகொண்டு எல்லா மாடியிலும் ஒரு நடை நடந்து வாருங்கள். `DIRECT-` என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் அது ஒரு பிரிண்டர் தானே பரப்பிக்கொண்டிருக்கும் வைஃபை. கேபிளை வீலேன் 40-இல் போட்டிருப்போம், ஆனால் தெருவில் நிற்கிறவர் இந்தப் பக்கவாட்டுக் கதவு வழியாக அதே பிரிண்டரைத் தொடலாம். எங்களுக்கு அப்படி இரண்டு கிடைத்தன. இரண்டிலும் பிரிண்டரின் முன்பக்கத் திரையில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வைஃபை டைரக்டை அணைத்தோம், மொபைலில் பெயர் மறைந்ததைப் பார்த்த பிறகே கீழே இறங்கினோம்.